சாந்தினியின் தோளும் மூன்று ஆங்கிலச் சொற்களும்

ஸ்கூடாய் வட்டாரத்தில் சாந்தினியிடம் கார் ஓட்டப் பழகியவர்களுக்குக் கணக்கில்லை. பல்கலைக்கழக மாணவர்கள், தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போக வேண்டிய கட்டாயத்தில் வந்த தாத்தாக்கள் என்று எல்லாத் தரத்து ஆட்களும் அவளிடம் வந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் இடப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, “பதறாதீங்க, லோரிக்காரன் வழி விடமாட்டான், நாமதான் விடணும்” என்று ஆட்டுக்குட்டியை நடத்துவதுபோல் நடத்துவாள். அவள் காலடியில் தனி பிரேக் ஒன்று உண்டு. அது போதாத நேரத்தில் வலது கை நீண்டு ஸ்டீயரிங்கை ஒரு திருப்புத் திருப்பும். இத்தனை வருஷத்தில் அந்தக் கை எத்தனை பேரைச் சாக்கடையில் விழாமல் காப்பாற்றியதோ.

அவளிடம் பழகாத ஒரே ஆள் அவள் கணவன் லோகேஸ்வரன்.

லோகேஸ்வரன் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் தலைமைச் சமையல்காரன். பெரிய அண்டாவில் மீன் குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று வாசனையிலேயே உப்புச் சொல்லிவிடுவான். ஆனால் வண்டி என்றால் அவனுக்கு அலர்ஜி. கல்யாணமான புதிதில் சாந்தினி ஒருநாள் அவனுக்குக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். குடியிருந்த தாமானை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் இருவருக்கும் வாக்குவாதம் முற்றி, அவன் காரை நடுவிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து போய்விட்டான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்று முதல் அவனைக் கடையில் கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் அவள் வேலை. டிரைவிங் டீச்சர் புருஷனுக்கு லைசென்ஸ் இல்லை என்று கடைக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். “எனக்கு எதுக்கு லைசென்ஸ்? சொந்தமா டிரைவர் இருக்காங்க” என்பான் அவனும் பெருமையாக.

ஸ்டீயரிங்கைத் திருப்பும் அந்த வலது தோளில்தான் சாந்தினிக்கு வலி வந்தது. முதலில் தலைமுடியை அள்ளிக் கட்டும்போது மட்டும் சுருக்கென்று குத்தியது. பிறகு கார் பெல்ட்டை இழுக்கும்போது. பிறகு சட்டை மாட்டும்போது. ஒரு வாரமாக அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியவில்லை. லோகேஸ்வரனிடம் சொன்னால் அவன் பயந்துபோய் அரைப்படி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து நிற்பான் என்று தெரியும். அதனால் சொல்லாமல் ஷாமளா டாக்டரிடம் போனாள். டாக்டர் கையைத் தூக்கச் சொல்லி, மடக்கச் சொல்லி, அங்கங்கே அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்திடுங்க, திங்கக்கிழமை ரிப்போர்ட்டோட வாங்க” என்று எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு வகுப்புக்கு நடுவே ஸ்கேன் சென்டருக்குப் போனாள். குளிர்ந்த ஜெல்லைத் தோளில் தடவி, சீன டாக்டரம்மா ஒருவர் கருவியை வைத்து உருட்டினார். பின் பாக்கெட்டில் கை வைப்பதுபோல் வைக்கச் சொன்னார். வலித்தாலும் வைத்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார். ஒரே இடத்தில் கருவியை நிறுத்தி மறுபடியும் பார்த்தார். ‘க்ளிக்’ என்று படம் பிடித்தார்.

“ஓக்கே வா, டாக்டர்?” என்றாள் சாந்தினி.

“ரிப்போர்ட் ஃபோனுக்கு வரும். உங்க டாக்டர் எக்ஸ்ப்ளேன் பண்ணுவாங்க” என்று சிரித்துத் துடைக்கக் காகிதம் கொடுத்தார். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பா, பாவம் என்று நினைத்த சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கடைசி மாணவியை இறக்கிவிட்டு, லோகேஸ்வரனின் கடைக்குப் பின்னால் காரை நிறுத்தி அவனுக்காகக் காத்திருந்தபோது ரிப்போர்ட் வந்தது. திறக்காமல் திங்கட்கிழமை வரை வைத்திருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரல் திறந்துவிட்டது.

ஒரே ஒரு பக்கம்தான். ஆங்கிலம் அவளுக்குத் தெரியாத மொழி இல்லை. மாணவர்களில் பாதிப் பேரிடம் அதில்தான் பேசுகிறாள். ஆனால் இது வேறு ஆங்கிலமாக இருந்தது. சுப்ராஸ்பைனேட்டஸ் என்று ஏதோ ஒன்று. அது ஒரு வியாதியின் பெயர்போல ஒலித்தது. அதற்குள் ஒரு ‘ஹைப்போஎக்கோயிக் லீஷன்’ காணப்படுகிறது. அதோடு சேர்ந்து ‘கால்சிஃபிகேஷன்’. அதற்குப் பின்னால் நிழல். நிழலா? தோளுக்குள் எதன் நிழல்? கடைசியில் டெண்டினோபதி என்று ஒன்று, பர்சைட்டிஸ் என்று ஒன்று, பிறகு ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ செய்யுமாறு ஆலோசனை. செய்யாவிட்டால் என்ன ஆகுமோ.

நீளமான சொற்களை விட்டுவிட்டாள். திரும்பத் திரும்பக் கண்ணில் பட்ட மூன்று சொற்களை மட்டும் ஃபோனில் அடித்துத் தேடினாள். லீஷன். கால்சிஃபிகேஷன். ஹைப்போஎக்கோயிக்.

தேடியிருக்கக் கூடாது. வரிசையாக வந்து விழுந்தன: மார்பு, தைராய்டு, கல்லீரல். கறுப்பு வெள்ளைப் படங்கள், அதில் கறுப்பான உருண்டைகளைக் காட்டும் அம்புக்குறிகள். ஒவ்வொன்றின் கீழும் அவள் சொல்லவே விரும்பாத அந்த வியாதியின் பெயர். அந்தப் பக்கங்களில் எதிலும் தோள் இல்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. பயந்த கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. தோளில் வந்திருந்தால் எலும்பில் வந்திருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

அப்போது கார்க் கதவு திறந்தது. லோகேஸ்வரன் ஒரு பாத்திரத்தோடு ஏறி உட்கார்ந்தான். கார் முழுக்க மசாலா வாசனை.

“நண்டு மிஞ்சிடுச்சு, உனக்குன்னு எடுத்து வச்சேன்” என்றவன் அவள் முகத்தைப் பார்த்தான். “என்ன, எவனாவது ஸ்கூல் காடிய மோதிட்டானா?”

“இல்லங்க. தலைவலி.”

“நண்டு சாப்பிட்டா சரியாயிடும்.”

அவனைப் பார்த்ததும் அவள் மனதில் முதலில் வந்தது சாவைப் பற்றிய பயம் இல்லை. ஒரு நடைமுறைக் கேள்வி: நான் இல்லாமல் போனால் இந்த மனுஷனை யார் வேலைக்கு ஏற்றிப் போவார்கள்? மகள் ரூபினி பினாங்கில் படிக்கிறாள். கடைக்குப் பஸ் கிடையாது. விடியற்காலையில் மீன் வாங்கப் போக வேண்டும். டாக்சி பிடித்து ஏறிப் போவானா? ஏறினாலும் அந்த டிரைவரிடம் சமையல் குறிப்பு சொல்லிக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுவானே.

டாக்டரை உடனே கூப்பிட்டிருக்கலாம். நம்பர் இருந்தது. ஆனால் கூப்பிட்டால் பதில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை தெரிந்தால் போதும், அதுவரை இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்தாள். அந்த இரண்டு நாளில் செய்ய வேண்டியது என்ன என்பதையும் காரை வீட்டு வாசலில் நிறுத்துவதற்குள் முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை பசியாறும்போது சாந்தினி சாதாரணமாகச் சொன்னாள்: “இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே. ரெங்கம் போயி அண்ணியைப் பார்த்துட்டு வரலாம். அங்க வச்சு உங்களுக்கு காடி ஓட்டச் சொல்லித் தரேன்.”

லோகேஸ்வரனின் கையில் இருந்த ரொட்டி சானாய் அப்படியே நின்றது. “என்ன?”

“காடி. ஓட்டணும்.”

“இருபது வருஷம் கழிச்சா?”

“ஆமா.”

“ஏன்?”

“சும்மாதான்.”

‘சும்மாதான்’ என்று அவள் சொன்ன விதத்தில் ஏதோ ஒன்று இருந்ததால் அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. குடும்பத்தில் சண்டை வேண்டாம் என்று நினைக்கும் ஆண்கள் எல்லோரும் செய்வதுபோல் டீயைக் குடித்து முடித்தான்.

ரெங்கத்தில் லோகேஸ்வரனின் அக்கா சந்திரமதிக்குக் கொஞ்சம் எண்ணெய்ப்பனைத் தோட்டம் இருந்தது. கணவர் போனபின் தனியாக அதைப் பார்த்துக்கொண்டவள். பழைய பிக்கப்பில் பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்குத் தானே ஓட்டிப் போவாள். ‘எல்’ லைசென்ஸ் இல்லாமல் லோகேஸ்வரன் பொதுச் சாலையில் சக்கரம் வைக்கக் கூடாது என்பதில் சாந்தினி கறாராக இருந்தாள். சாகப் போகிறோம் என்று நினைத்த நேரத்திலும் சட்டத்தை மீற அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதை அண்ணியின் சொந்த நிலம். அங்கே அவனும் பனைமரங்களும் மட்டும்தான்.

“இவனுக்கா?” என்றாள் சந்திரமதி, தம்பியை மேலும் கீழும் பார்த்து. “என் கோழிங்கள எல்லாம் முதல்ல கூண்டுல அடைச்சுட்டு வரேன், இருங்க.”

லோகேஸ்வரன் அவர்களுடைய மயிவி காரின் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தான். சாந்தினி இடப்பக்கம் ஏறினாள். பெல்ட்டை இழுக்கும்போது தோள் குத்தியது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“பிரேக்க அமுக்குங்க. டி-ல போடுங்க. இப்ப பிரேக்க மெதுவா விடுங்க. எண்ணெய்ப் பெடல அமுக்காதீங்க, தானா போகும்.”

தானாகப் போனது. லோகேஸ்வரனின் முகத்தில் மீன் பிடித்த பையனின் சிரிப்பு. “ஏய், போகுதுடி!”

“என்னைப் பார்க்காதீங்க, பாதையப் பாருங்க!”

முதல் வரிசை முடிந்தது. திரும்பினான், நன்றாகவே திரும்பினான். இரண்டாவது வரிசையில் கொஞ்சம் வேகம் கூட்டினான். குழம்பில் தேங்காய்ப்பால் விடுவதுபோல் நிதானமாக விட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சாந்தினிக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இவனுக்கு வருகிறதே, நானே முன்னமே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று தோன்றியது.

அந்த நேரத்தில் கூண்டில் அடைபடாத சேவல் ஒன்று பாதையின் குறுக்கே ஓடியது. லோகேஸ்வரன் “அலமாக்!” என்று அலறி, பிரேக் என்று நினைத்து எண்ணெய்ப் பெடலை மிதித்துவிட்டான். கார் பாய்ந்தது. சாந்தினியின் கால் தன்பாட்டில் இடப்பக்கத் தரையை ஓங்கி மிதித்தது. ஆனால் இது டிரைவிங் ஸ்கூல் கார் இல்லை, அங்கே பிரேக் கிடையாது. வலது கை நீண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுத்தது.

மரத்துக்கு நேராகப் போன கார் திரும்பி, வரிசைக்கு நடுவே அடுக்கி வைத்திருந்த காய்ந்த மட்டைக் குவியலில் ஏறி, பஞ்சு மெத்தையில் உட்கார்ந்ததுபோல் நின்றது. லோகேஸ்வரன் ஒருவழியாகப் பிரேக்கைக் கண்டுபிடித்து இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டிருந்தான். சேவல் ஒரு மரத்தின் பின்னால் நின்று இவர்களைப் பார்த்தது.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாந்தினிதான் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். அவள் கத்தி அவன் ஒருநாளும் கேட்டதில்லை, ரூபினி பிறந்த அன்றுகூட.

“அடிபட்டுச்சா? எங்க? சாந்தி, எங்க வலிக்குது?”

கத்தல் அழுகையானது. அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது: வலி, ஸ்கேன், ரிப்போர்ட், ஃபோனில் பார்த்த படங்கள், அவன் வேலைக்குப் போவதற்காகக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய காரணம். சந்திரமதி ஓடி வந்து சேர்ந்தபோது தம்பி கையில் ஃபோன் இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைப் பிடித்திருப்பதுபோல் பிடித்திருந்தான்.

அவனுக்கு ஆங்கிலம் அவளைவிடக் குறைவு. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தான். முகம் வெளுத்தது. ஆனால் பாதியில் நின்று மேலே போய்த் தலைப்பை மறுபடியும் படித்தான்.

“இங்க ரைட் ஷோல்டர்னு போட்டிருக்கே.”

“அதான் சொல்றேனே, தோள்லதான்.”

“நீ ஃபோன்ல பாத்தது தோளா?”

சாந்தினி கண்ணைத் துடைத்தாள். “இல்ல. மார்பு, தைராய்டு…”

“மீன் கெட்டிருக்கான்னு தெரியணும்னா மீனத்தான் பாக்கணும். கோழியப் பாத்து என்ன பண்றது?” என்றான். அவன் குரல் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தைரியத்தில் சொன்னதல்ல அது. தெரியாத ஒன்றைப் பார்த்து வேறு ஒருவனிடம் கேட்கத் தயங்காத மனிதனின் பேச்சு. “நமக்குத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட கேப்போம். இப்பவே.”

“திங்கக்கிழமைதான் அப்பாயிண்ட்மெண்ட்.”

“சனிக்கிழமை கிளினிக் தொறந்திருக்கும்ல?” என்றபடி அவளுடைய ஃபோனிலேயே நம்பரைத் தட்டினான். கிளினிக்கில் எடுத்தார்கள். மதியம் வரை டாக்டர் இருப்பார், வந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

அடுத்த பிரச்சினை யார் ஓட்டுவது என்பது. சாந்தினியால் கையைத் தூக்க முடியவில்லை. லோகேஸ்வரன் ஓட்டக் கூடாது, ஓட்டவும் முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் சந்திரமதியைப் பார்த்தார்கள்.

“தள்ளுடா” என்று தம்பியை எழுப்பிவிட்டு அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. மட்டைக் குவியலில் இருந்து காரைப் பின்னுக்கு எடுத்து, பனங்குலை ஏற்றிய லோரிகளை எல்லாம் முந்திக்கொண்டு ஸ்கூடாய்க்கு விட்டாள். வழியில் சாந்தினி ஒரே ஒரு தடவை, “அண்ணி, சிக்னல் போடல” என்று சொன்னாள். அதைக் கேட்டதும் பின்னால் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

ஷாமளா டாக்டரின் அறையில் ஒருவர் உட்கார வேண்டிய இடத்தில் மூன்று பேர் நுழைந்தார்கள். ஒருத்திக்குக் கண் வீங்கியிருந்தது, ஒருவனுக்குத் தலையில் காய்ந்த ஓலைத் துணுக்கு, ஒருத்தி காலில் சேறு பூசிய பூட்ஸ். டாக்டர் ரிப்போர்ட்டைத் தன் கம்ப்யூட்டரில் திறந்து படித்தார். அவர் முகத்தையே மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புருவம்கூட அசையவில்லை.

“இத எப்ப படிச்சீங்க?”

“நேத்து சாயங்காலம், டாக்டர்.”

“தனியாவா?”

“ஆமா.”

“நீங்க என்னன்னு நினைச்சீங்க?”

சாந்தினி அந்த வியாதியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. டாக்டர் புரிந்துகொண்டார். நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

“முதல்ல இதச் சொல்லிடறேன். அது இல்ல. உங்க தோள் தசைய எலும்போட கட்டிவைக்கிற நாண் இருக்கே, அதுல கொஞ்சம் சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. அதச் சுத்தி வீக்கம். வலி ரொம்ப இருக்கும், ஆனா ஆபத்து இல்ல.”

சந்திரமதி “முருகா” என்று நெஞ்சில் கை வைத்தாள். லோகேஸ்வரன் தலையில் இருந்த ஓலைத் துணுக்கை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சாந்தினி மட்டும் நம்பவில்லை. “லீஷன்னு போட்டிருக்கே?”

“லீஷன்னா சுத்தி இருக்கிற மாதிரி இல்லாம வித்தியாசமா இருக்கிற ஒரு இடம். அவ்வளவுதான். புண்ணும் லீஷன், கிழிசலும் லீஷன், வீக்கமும் லீஷன். அது வியாதியோட பேர் இல்ல.”

சாந்தினி யோசித்தாள். “டெஸ்ட் தாள்ல ‘சாலா’, தப்புன்னு போடுவாங்களே, அந்த மாதிரியா? சிக்னல் போடலன்னாலும் சாலா, சுவத்துல மோதினாலும் சாலா. பிள்ளைங்க அந்த வார்த்தையப் பாத்ததுமே அழுதிடும். என்ன தப்புன்னு படிக்கவே மாட்டாங்க.”

“அதேதான்” என்று டாக்டர் சிரித்தார். “அடுத்தது ஹைப்போஎக்கோயிக். இது கிட்டத்தட்ட ஒரு நிறம் மாதிரி. ஸ்கேன் கருவி உள்ளே சத்தத்த அனுப்புது, நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். அது பட்டுத் திரும்பி வரத வச்சுத்தான் படம். நிறைய திரும்பி வந்தா வெள்ளையாத் தெரியும். குறைவா வந்தா கறுப்பாத் தெரியும். குறைவா வருதுன்னு சொல்றதுதான் ஹைப்போஎக்கோயிக். நாண் வீங்கியிருக்கிற இடம் கறுத்துத் தெரியுது, அத எழுதியிருக்காங்க.”

கம்ப்யூட்டரைத் திருப்பிப் படத்தைக் காட்டினார். சாம்பல் நிறக் கோடுகளுக்கு நடுவே மங்கலாக ஒரு கறுப்பு. அதற்குள் அரிசி முறுக்குத் துண்டுபோல் ஒரு வெள்ளைக் கோடு. அதன் கீழே கறுப்பாக ஒரு வால்.

“இந்த வெள்ளைதான் கால்சிஃபிகேஷன். சுண்ணாம்பு கெட்டியா இருக்கிறதால சத்தம் அதத் தாண்டிப் போகாது. அதனால அதுக்குப் பின்னால நிழல் விழுது.”

“நான் அந்த நிழலுக்குத்தான் ரொம்பப் பயந்தேன்” என்றாள் சாந்தினி.

“அப்ப ஃபோன்ல வந்த படமெல்லாம் பொய்யா டாக்டர்?” என்று லோகேஸ்வரன் கேட்டான்.

“பொய் இல்லீங்க. இதே வார்த்தைகள் மார்புல, தைராய்டுல வந்தா நாங்க இன்னும் உத்துப் பாப்போம். ஓரம் எப்படி இருக்கு, சுண்ணாம்பு எந்த மாதிரி இருக்குன்னு. அங்கயும் பெரும்பாலும் சாதாரணமாத்தான் இருக்கும், சில சமயம் ஊசி போட்டுப் பாக்க வேண்டியிருக்கும். எந்த இடத்துல இருக்குங்கிறதுதான் முக்கியம். வார்த்தைய மட்டும் வச்சு யாராலும் சொல்ல முடியாது. என்னாலயும் முடியாது.”

“கிளினிக்கல் கோரிலேஷன்னு ஒண்ணு செய்யச் சொல்லியிருக்கே, அது ஆபரேஷனா?”

“இப்ப நாம செய்யறதுதான் அது. படத்தையும் ஆளையும் சேத்து வச்சுப் பாக்கிறது. வாங்க, கையத் தூக்குங்க.”

தூக்கினாள். பாதி வழியில் முகம் சுளித்தாள். டாக்டர் தோளின் முனையில் ஓரிடத்தை விரலால் தொட்டார். சாந்தினி துள்ளினாள்.

“பாத்தீங்களா, ஸ்கேன் சொன்ன அதே இடம்.”

சந்திரமதிக்கு ஒரு சந்தேகம். “டாக்டர், சுண்ணாம்புன்னா நெத்திலி, பாலு இதெல்லாம் சாப்பிடறதாலயா? இவ நெத்திலி சம்பல்னா உயிர விடுவா.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. நெத்திலி சாப்பிடலாம்.”

“நல்ல வேள” என்றான் லோகேஸ்வரன், பெரிய கண்டத்தில் இருந்து தப்பியவன்போல்.

இந்தச் சுண்ணாம்பைப் பல பேருக்கு உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடும் என்றார் டாக்டர். கரைக்கிற காலத்தில்தான் வலி உச்சத்தில் இருக்கும், இப்போது குத்துவது அதனாலும் இருக்கலாம். கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை, பிறகு பிசியோ. அப்படியும் அடங்காவிட்டால் எலும்பு டாக்டரிடம் போகலாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியால் சுண்ணாம்பைக் கரைத்து உறிஞ்சுவது போன்ற வழிகள் இருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு அந்தக் கையால் ஸ்டீயரிங்கை இழுக்கக் கூடாது.

“இன்னிக்கு ஏதாவது இழுத்தீங்களா?”

மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“ஒரு சேவல், டாக்டர்…” என்று ஆரம்பித்தான் லோகேஸ்வரன்.

முழுக் கதையையும் கேட்டு டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வெளியே மருந்து கொடுக்கும் பெண்ணும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாந்தினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கி வலித்தது, வலியோடு சிரித்தாள்.

கிளம்பும்போது டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “ரிப்போர்ட் நேரா உங்க ஃபோனுக்கு வரும்னு தெரிஞ்சும் நான் முன்கூட்டியே சொல்லி வைக்கல. அது என் தப்பு. இனிமே எது வந்தாலும், புரியலன்னா, கிளினிக்குக்குப் போன் பண்ணுங்க.”

“பயமா இருந்துச்சு டாக்டர். கேட்டா தெரிஞ்சிடுமேன்னு.”

“கேட்டதாலதான இன்னிக்குச் சிரிச்சுக்கிட்டு போறீங்க.”

வெளியே வந்ததும் சந்திரமதி பசிக்கிறது என்றாள். பக்கத்துக் கடையில் மூவரும் உட்கார்ந்து மீ கோரிங் சாப்பிட்டார்கள். சாந்தினி நேற்று மதியத்துக்குப் பிறகு எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை. அந்த நண்டுகூட வாயில் மண்ணாகத்தான் இருந்தது. இப்போது இரண்டாவது தட்டு கேட்டாள்.

“காடி ஓட்டறத விட்டுடுங்க” என்றாள் கணவனிடம். “இனி அவசரம் இல்ல. நான்தான் இருக்கேனே.”

லோகேஸ்வரன் கரண்டியைக் கீழே வைத்தான். “இல்ல. நான் கத்துக்கணும்.”

“ஏன்? அந்தச் சேவல் தப்பிச்சிடுச்சேன்னா?”

“நீ தோளப் பிடிச்சுக்கிட்டு கத்தினே. உன்ன டாக்டர்கிட்ட கூட்டிப்போக எனக்கு அக்கா வேண்டியிருந்துச்சு. அக்கா இல்லன்னா என்ன பண்ணியிருப்பேன்? நீ சாகப்போறன்னு நினைச்சு எனக்கு ஓட்டக் கத்துக்கொடுக்க வந்தே. நீ உசுரோட இருக்கிறதுக்குத்தான் எனக்கு ஓட்டத் தெரியணும்.”

சமையலைத் தவிர வேறெதைப் பற்றியும் அவன் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. சந்திரமதி மீ கோரிங்கில் மும்முரமாக இருப்பதுபோல் பாவனை செய்தாள்.

“சரி. ஆனா நான் சொல்லித் தரமாட்டேன்” என்றாள் சாந்தினி கடைசியில். “கால்வின்கிட்ட சேர்த்துவிடறேன். அவனுக்குப் பொறுமை ஜாஸ்தி. நமக்குக் குடும்பம் வேணும்.”

கால்வின் அவளோடு வேலை செய்யும் இன்னொரு டீச்சர். லோகேஸ்வரன் முறையாக வகுப்பில் உட்கார்ந்து, சட்டப் பரீட்சை எழுதி, ‘எல்’ வாங்கி, அவனிடம் ஓட்டப் பழகினான். முதல் டெஸ்டில் பார்க்கிங்கில் கம்பத்தைத் தட்டித் தோற்றான். இரண்டாவதில் தேறினான். அன்று கடையில் எல்லோருக்கும் பாயசம்.

சாந்தினியின் தோள் அதற்குள் பாதி ஆறியிருந்தது. முதல் சில நாள் வலி தாங்க முடியாமல் இருந்தது. பிறகு ஒருநாள் காலையில் தலைமுடியைக் கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோதுதான் கை மேலே போயிருக்கிறது என்று உணர்ந்தாள். மெலிசா என்ற பிசியோ பெண் சொல்லிக் கொடுத்தபடி வாரம் தவறாமல் ரப்பர் பட்டையை இழுத்தாள்.

கடைசிப் பிசியோவுக்கு லோகேஸ்வரன்தான் ஓட்டிப் போனான். ஸ்கூடாய் நெடுஞ்சாலையில் இடப்பக்கத் தடத்தில், ஆமைகூடப் பொறுமை இழக்கும் வேகத்தில். பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். ஒரு மோட்டார்சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்து, புது ஓட்டுநர் என்று காட்டும் ‘பி’ ஸ்டிக்கரைக் கண்டு தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

சாந்தினி இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். இல்லாவிட்டால் அவை தானாக நீண்டுவிடும்.

“எதுக்கு அப்படி உட்கார்ந்திருக்கே?” என்றான் அவன், கண்ணை எடுக்காமல்.

“டாக்டர் சொன்னாங்க. ஸ்டீயரிங்க இழுக்கக் கூடாதாம்.”

“நல்ல டாக்டர்” என்றான் லோகேஸ்வரன். பிறகு முதல் தடவையாக, அவள் சொல்லாமலே, சிக்னல் போட்டுத் தடம் மாறினான்.